மார்ச் முடிவதற்குள் போகவேண்டிய மெயில்

கம்பெனிகளுக்கு ஆண்டுக் கணக்குத் தணிக்கை செய்ய ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஆட்கள் நேரில் வருவதற்கு முன்னால் ஒரு மெயில் வரும். என்னென்ன ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். தணிக்கைத் தொழிலில் இதை பி.பி.சி. லிஸ்ட் என்பார்கள். கம்பெனியே தயார் செய்து கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் என்று பொருள். பெரும்பாலான இடங்களில் இது ஏப்ரல் கடைசியில், போன வருட மெயிலில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பப்படுகிறது. அறுபது, எழுபது வரிகள். முதல் வரியில் ‘ட்ரயல் பேலன்ஸ்’, கடைசி வரியில் ‘மற்ற ஆவணங்கள்’.

அந்தப் பட்டியலில் முக்கியமான சில வரிகள் ஏப்ரல் கடைசியில் கேட்டால் பயன்படாது. மார்ச் 31 அன்று குடோனில் என்ன இருந்தது என்பதை ஏப்ரல் 28-ஆம் தேதி யாராலும் எண்ண முடியாது. எனவே இந்த மெயிலை எழுதுபவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, எதை எப்போது வேண்டுமானாலும் தயாரிக்கலாம், எதைத் தேதி தாண்டினால் தயாரிக்கவே முடியாது என்பதைத்தான். நல்ல ஆடிட்டர்கள் இதனால் ஒரே மெயிலாக அனுப்புவதில்லை. மார்ச் நடுவில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து அனுப்புகிறார்கள்.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் வீட்டு உபயோக மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வார்ப்படக் கடைகளிலிருந்து காஸ்டிங் வாங்குகிறது. சுற்றுவட்டார லேத் பட்டறைகளுக்கு அனுப்பிக் கடைந்து வாங்குகிறது. செம்புக் கம்பியைத் தன் இடத்திலேயே வைண்டிங் செய்கிறது. 2024–25 நிதியாண்டு முடிகிறது. ஆடிட் டீம் மே 5, திங்கட்கிழமை வரப்போகிறது. அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு மார்ச் 14-ஆம் தேதி ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போகும் முதல் மெயில் இப்படி ஆரம்பிக்கலாம்:

“வணக்கம் சார். இந்த வருடம் மார்ச் 30 ஞாயிறு, 31 ரம்ஜான் விடுமுறை. ஃபேக்டரியில் ஸ்டாக் எண்ணுவதை 29-ஆம் தேதி சனிக்கிழமை மாலை உற்பத்தியை நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்குச் சரிப்படுமா என்று 18-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். எங்கள் தரப்பில் இரண்டு பேர் வருவார்கள். கீழே உள்ள ஐந்தும் மார்ச் 31-க்கு முன்னால் அல்லது அன்றைக்கே வேண்டியவை. மற்றவற்றுக்குத் தனி மெயில் ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்புகிறோம்.”

இதில் கவனிக்க வேண்டியது, வெறுமனே ‘ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் தரவும்’ என்று கேட்கவில்லை. நாள், நேரம், பதில் சொல்ல வேண்டிய கெடு, யார் வருவார்கள் என்று எல்லாமே இருக்கின்றன. இந்தியத் தணிக்கைத் தர விதிகளில் எஸ்.ஏ. 501 என்பது சரக்கு இருப்பைப் பற்றியது. சரக்கின் மதிப்பு கணக்கில் பெரிதாக இருந்தால், எண்ணும் இடத்தில் தணிக்கையாளர் நேரில் இருக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் முடியாதபோது மட்டும் விலக்கு உண்டு. பம்ப் கம்பெனிக்குச் சரக்குதான் பெரிய சொத்து. எண்ணிக்கையைத் தவற விட்டால், ஆடிட்டர் வேறு சான்று தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், அறிக்கையில் அதைக் குறை சொல்லி எழுத வேண்டிய நிலை வரும்.

அந்த ஐந்தில் முதலாவது, எண்ணும் தாள்கள். வரிசை எண் அச்சிடப்பட்ட தாள்களாக இருக்க வேண்டும் என்று மெயில் கேட்கிறது. எண்ணி முடித்தபின் ஒரு தாளை மெல்ல எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் அப்போது தெரிந்துவிடும். இன்னொன்று, தாளில் பொருளின் பெயர் மட்டும் இருக்க வேண்டும், டாலியில் இருக்கும் எண்ணிக்கை இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் 312 என்று சொல்வதைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறவர், 308-ஐ எண்ணியிருந்தாலும் 312 என்று எழுதிவிடுவார். அவர் நேர்மையற்றவர் என்பதல்ல, இரவு எட்டு மணிக்கு யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டாவது, வெளியே இருக்கும் சரக்கு. லேத் பட்டறைகளில் இருக்கும் காஸ்டிங் கம்பெனியின் சொத்து, ஆனால் குடோனில் இல்லை. பட்டறைவாரியாக எவ்வளவு அனுப்பப்பட்டது, எவ்வளவு திரும்பி வந்தது, பாக்கி எவ்வளவு என்ற பட்டியலும், அனுப்பிய டெலிவரி சலான்களும் வேண்டும். ஒவ்வொரு பட்டறைக்காரரும் மார்ச் 29 மாலை தன்னிடம் இருப்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். ரிப்பேருக்கு வந்த பழைய பம்புகள் ஃபேக்டரியில் இருக்கும், ஆனால் கம்பெனியுடையவை அல்ல. அவற்றை எண்ணுவதற்கு முன்னால் தனியாக ஒதுக்கி, அட்டை கட்டி வைக்கச் சொல்கிறது மெயில். இந்த ஒரு வரி இல்லாததால் யாருடையதோ சரக்கு கம்பெனிக் கணக்கில் சேர்ந்துவிடுவது நடக்கக்கூடியதுதான்.

மூன்றாவது, எண்ணிய நாளுக்கும் ஆண்டு முடியும் நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற பதிவு. 29-ஆம் தேதி மாலை செம்புக் கம்பி 840 கிலோ எண்ணப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அவசர ஆர்டருக்காக ஞாயிற்றுக்கிழமை வைண்டிங் பிரிவு மட்டும் ஓவர்டைம் வேலை செய்து 60 கிலோ எடுத்தது. புதிதாக எதுவும் வரவில்லை. அப்படியானால் 31-ஆம் தேதி இருப்பு 780 கிலோ. மே மாதத்தில் டாலியில் 840 என்று இருந்தால், எண்ணிய தாளைப் பார்த்து யாரோ நேராக எழுதிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்லிப்பைப் பதியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். அந்த ஸ்லிப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மெயில் கேட்காவிட்டால் அது அப்போது கிடைக்காமலே போகலாம்.

நான்காவது வரி சிறியது, ஆனால் இந்த மெயிலில் அதுவே மிகவும் பயனுள்ளது என்று நான் நினைக்கிறேன்:

“29-ஆம் தேதி எண்ணி முடித்ததும், 31-ஆம் தேதி மாலையும், கடைசி இன்வாய்ஸ் எண், கடைசி டெலிவரி சலான் எண், கடைசியாகச் சரக்கு வரவு வைத்த எண், கேட் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கம் ஆகியவற்றை போனில் படமெடுத்து அன்றைக்கே எங்களுக்கு அனுப்புங்கள் சார்.”

ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எது இந்த வருடம், எது அடுத்த வருடம் என்று பிரிக்கும் கோடு இதில் போடப்பட்டுவிடுகிறது. இதை ஆடிட்டர்கள் கட்-ஆஃப் என்பார்கள். ஆண்டுக் கணக்கில் லாபம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்தக் கோட்டின் அருகில்தான்.

நம் கம்பெனியில் இப்படி நடக்கிறது என்று பாருங்கள். மார்ச் 31 தேதியிட்டு, வெளி மாநில டீலர் ஒருவருக்கு 18 லட்சம் ரூபாய்க்கு ஒரு இன்வாய்ஸ் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுவோம். அந்த பம்புகளின் அடக்கவிலை 14 லட்சம். ஆனால் 31 விடுமுறை, கேட் ரிஜிஸ்டரில் அன்று ஒரு பதிவும் இல்லை. இ-வே பில்லைத் திறந்து பார்த்தால், லாரி எண் போடும் பகுதி ஏப்ரல் 2 காலையில்தான் நிரப்பப்பட்டிருக்கிறது. லாரி எண் பதிவாகாமல் சரக்கு ரோட்டில் போகக் கூடாது. ஆக, சரக்கு வெளியே போனது ஏப்ரல் 2. விற்பனை ஆர்டரின்படி சரக்கு லாரியில் ஏறும்போதுதான் டீலருக்குக் கைமாறுகிறது. எனவே இந்த 18 லட்சம் அடுத்த வருட விற்பனை.

இந்த வருடக் கணக்கில் அதைச் சேர்த்ததால் லாபம் எவ்வளவு ஏறியிருக்கும்? அதற்கு அந்த பம்புகள் 29-ஆம் தேதி எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். விற்றாகிவிட்டது என்று எண்ணாமல் விட்டிருந்தால் விற்பனை விலைக்கும் அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசமான 4 லட்சம் கூடுதலாக வந்திருக்கும். எண்ணிக்கையிலும் சேர்த்திருந்தால் ஒரே பம்புகள் விற்பனையிலும் இருக்கின்றன, கையிருப்பிலும் இருக்கின்றன. அப்போது கூடுதல் முழு 18 லட்சம். எண்ணும் தாளும் கேட் ரிஜிஸ்டர் படமும் மார்ச்சிலேயே கைக்கு வந்திருந்தால் இதை மே 5-ஆம் தேதி மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் ஒரு வாரம் தேட வேண்டும், அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஐந்தாவது வரி ஆடிட்டரைவிட கம்பெனி முதலாளிக்கே அதிகம் பயன்படும். சப்ளையர்களில் யார் யார் குறு, சிறு நிறுவனங்களாக உத்யம் பதிவு செய்தவர்கள் என்ற பட்டியல், அவர்களின் உத்யம் சான்றிதழ், ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதி, கட்டப்படாமல் நிற்கும் தொகை ஆகியவை கேட்கப்படுகின்றன. வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2023–24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் ஒப்பந்தத் தேதிக்குள், அதுவும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வரிக்கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். வெறும் வியாபாரிகளுக்கும், நடுத்தர நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது.

45 நாள் ஒப்பந்தம் உள்ள ஒரு வார்ப்படக் கடையிடமிருந்து ஜனவரி 10 அன்று 3 லட்சத்துக்குக் காஸ்டிங் வந்தது. கெடு பிப்ரவரி 24. அது தாண்டிவிட்டது. இந்த 3 லட்சம் மார்ச் 31 வரை நிலுவையில் இருந்தால், 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து இந்த வருடம் சுமார் 75,000 ரூபாய் கூடுதல் வரி. அதே கடையிடமிருந்து பிப்ரவரி 20 அன்று வந்த இன்னொரு பில்லுக்குக் கெடு ஏப்ரல் 6. அதை ஏப்ரல் 5-ஆம் தேதி கொடுத்தாலும் பிரச்சினை இல்லை. ஆக, சப்ளையரின் மொத்த பாக்கியை மட்டும் கொடுத்தால் இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. பில்வாரியாக, ஏற்றுக்கொண்ட தேதியோடு வேண்டும் என்று மெயிலில் எழுதுவது அதனால்தான். மார்ச் 14-இல் இந்தப் பட்டியல் கேட்கப்பட்டால், ஜனவரி பில்லை மார்ச் 28 வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து முடித்துவிடலாம். ஏப்ரலில் கேட்டால் வரி உறுதியாகிவிட்டிருக்கும். சிறிய வார்ப்படக் கடைக்காரருக்கும் அந்தப் பணம் இரண்டு வாரம் முன்னதாகக் கைக்கு வரும். அது எனக்கு வரியைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏப்ரல் முதல் வாரம் போகும் இரண்டாவது மெயிலில் நாம் வழக்கமாகப் பார்க்கும் விஷயங்கள் வரும். ட்ரயல் பேலன்ஸ், லெட்ஜர்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட், ரீகன்சிலியேஷன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், டி.டி.எஸ். சலான்கள், பி.எஃப். கட்டிய ரசீதுகள், புதிதாக வாங்கிய மெஷின்களின் பில்கள், போர்டு மீட்டிங் தீர்மானங்கள். இவற்றை வரிசையாக விளக்க வேண்டியதில்லை. எழுதும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

‘பேங்க் ஸ்டேட்மெண்ட்’ என்று மட்டும் எழுதினால், முக்கியமான ஓ.டி. கணக்கின் ஸ்டேட்மெண்ட் வரும், அதுவும் மார்ச் 31 வரை. ‘ஆண்டின் எந்த நாளிலாவது திறந்திருந்த எல்லா கணக்குகளும், நடுவில் மூடியவையும் பூஜ்ய இருப்பு உள்ளவையும் உட்பட, 2024 ஏப்ரல் 1 முதல் 2025 ஏப்ரல் 30 வரை’ என்று எழுதினால்தான் வேலைக்கு ஆகும். ஏப்ரல் மாதம் எதற்கு? மார்ச் 31 அன்று கொடுத்துவிட்டதாகக் கணக்கில் எழுதிய செக்குகள் உண்மையில் பேங்கில் பாஸ் ஆனதா என்று பார்க்க. ஆனாலும் ஒரு செக் மூன்று மாதம் தாண்டியும் பாஸாகாமல் ரீகன்சிலியேஷனில் நிற்கிறது என்றால், அது ஏற்கெனவே செல்லாத செக். கடன் அடைந்ததாகக் காட்டப்பட்டிருக்கிறது, பணம் போகவில்லை.

ஃபார்மட்டையும் சொல்ல வேண்டும். கடன்காரர் பட்டியலை பி.டி.எஃப்.பாக அனுப்பினால் டீம் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். எக்செல்லாக அனுப்பினால் பத்து நிமிடத்தில் வயதுவாரியாகப் பிரித்துவிடலாம். கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை மூன்று, வர வேண்டிய பாக்கிகளை ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. அந்தப் பிரிவுகளையே மெயிலில் கொடுத்துவிட்டால் பட்டியல் ஒரே தடவையில் சரியாக வரும். தொழிலாளர் சம்பளப் பட்டியல், ஆதார் எண் உள்ள தாள்கள் போன்றவற்றை மெயிலில் இணைக்காமல் கடவுச்சொல் உள்ள பொது ஃபோல்டரில் போடச் சொல்வது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

இனி, இந்தப் பட்டியலில் இருக்கவே கூடாதவை என்று இரண்டு உண்டு. பல மெயில்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

முதலாவது, ஆடிட்டர் சோதித்துப் பார்க்கப்போகும் குறிப்பிட்ட வவுச்சர்கள். ‘நவம்பர் மாத பர்சேஸ் பில்களில் 211, 238, 254 ஆகியவற்றை எடுத்து வையுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதினால், அந்த மூன்று பில்களும் அழகாகத் தயாராக இருக்கும். மற்ற பில்கள் எப்படி இருக்கின்றன என்பது தெரியாமலே போகும். எனவே மெயில் முழுத் தொகுப்பைத்தான் கேட்க வேண்டும், ‘எல்லா பர்சேஸ் பில் ஃபைல்களும் மாதவாரியாக அடுக்கி இருக்கட்டும்’ என்று. எதை எடுப்பது என்பதை டீம் வந்து அங்கேயே முடிவு செய்யும். கம்பெனிகள் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எந்த நேரத்திலும் பார்க்கும் உரிமையைத் தணிக்கையாளருக்குத் தருகிறது. அதைப் பட்டியல் போட்டுக் குறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, பேங்கும் வாடிக்கையாளர்களும் தரும் பாக்கி உறுதிக் கடிதங்கள். ‘பேங்கிடமிருந்து பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கி வைக்கவும்’ என்ற வரி எத்தனையோ மெயில்களில் இருக்கிறது. அந்த வரி தவறு. கடிதத்தைக் கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் தயார் செய்து கையெழுத்திட்டுத் தரலாம். ஆனால் அனுப்புவது ஆடிட்டராக இருக்க வேண்டும், பதிலும் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 505. கம்பெனியின் கை வழியாக வரும் பதில், கம்பெனியே சொன்னதற்கு மேல் ஒன்றும் நிரூபிப்பதில்லை.

இது சம்பிரதாயமல்ல என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சாட்சி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். பேங்கில் இருப்பதாகச் சொன்ன பணம் பேங்கில் இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்புகள் அதன் தணிக்கையாளர்கள் மீது எடுத்த நடவடிக்கையில் முக்கியமான குற்றச்சாட்டு, பேங்க் உறுதிக் கடிதங்கள் போய் வருவதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை என்பதே.

நம் பம்ப் கம்பெனிக்கான மெயில் அதனால் கடிதத்தை மட்டும் கேட்கிறது, பதிலைக் கேட்பதில்லை. ‘இணைத்துள்ள மாதிரியில் ஐந்து பேங்க் கணக்குகளுக்கும், நாங்கள் குறிக்கும் டீலர்களுக்கும் கையெழுத்திட்ட கடிதங்களை ஏப்ரல் 15-க்குள் எங்களிடம் கொடுங்கள். அனுப்புவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ டீலர் ஒருவர், உங்கள் கணக்கில் 14,10,000 என்றிருக்கிறது, எங்கள் கணக்கில் 12,40,000 தான் என்று பதில் எழுதுகிறார். உடனே யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. திருப்பி அனுப்பிய பம்புகளுக்கு அவர் டெபிட் நோட் போட்டிருப்பார், கம்பெனி இன்னும் பதிந்திருக்காது. 1,70,000-க்கான காகிதத்தைத் தேடிப் பிடித்தால் முடிந்தது. பதிலே வராதவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் கொடுத்த பணத்தை, எந்த இன்வாய்ஸுக்கு என்று பொருத்திப் பார்க்க வேண்டும்.

டீம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஏப்ரல் 28 அன்று, ஒரு நினைவூட்டல் போகும். அதே பட்டியல், பக்கத்தில் ஒரு புதிய பத்தி. வந்தது, வரவில்லை, பொருந்தாது என்ற மூன்றில் ஒன்று ஒவ்வொரு வரிக்கும் இருக்கும், பொறுப்பாளர் பெயரும் இருக்கும். ‘அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்’ என்று பொதுவாகப் போட்ட வரி கடைசி வரை ‘வரவில்லை’ என்றே இருக்கும். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பெயர் போட்ட வரி மறுநாள் ‘வந்தது’ என்று மாறும். ட்ரயல் பேலன்ஸும் ரீகன்சிலியேஷனும் அன்று வராமல் இருந்தால், டீம் வருவதைத் தள்ளிப்போடுவதே இரு தரப்புக்கும் நல்லது. நான்கு பேர் வந்து உட்கார்ந்து காகிதத்துக்காகக் காத்திருப்பதில் கம்பெனியின் கட்டணம்தான் கரைகிறது. ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் நடந்தால் போதும், ஒரு வாரம் தள்ளுவதற்கு மே மாதத்தில் இடம் இருக்கிறது. செப்டம்பரில் இருக்காது.

நிர்வாகம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிக் கடிதம் ஒன்று உண்டு. எல்லாத் தகவலையும் கொடுத்துவிட்டோம், கணக்குக்கு நாங்களே பொறுப்பு என்று சொல்லும் கடிதம். வசதிக்காக அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, ஏப்ரலிலேயே கையெழுத்து வாங்கி ஃபைலில் வைக்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன. எஸ்.ஏ. 580 அதை ஏற்பதில்லை. தணிக்கை அறிக்கையின் தேதிக்கு முடிந்தவரை அருகில், அதைத் தாண்டாமல், அந்தக் கடிதம் தேதியிடப்பட வேண்டும். ஏனென்றால் மே மாதம் டீம் கண்டுபிடித்த 18 லட்சம் பற்றியும், ஜூலையில் யாரோ போட்ட வழக்கைப் பற்றியும் ஏப்ரலில் எழுதிய கடிதம் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே இரண்டு மெயில்களிலும் அது இல்லை. கணக்கு முடிந்து அறிக்கையில் கையெழுத்திடும் வாரத்தில் அது தனியாகக் கேட்கப்படும்.